எழுதத் தெரிந்தவள் எழுத ஆள் கேட்டது

பக்கத்து வீட்டு மாமி மூடிய தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"உத்தரவு வந்திருச்சும்மா. பரீட்சையில அவன் சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஒரு ஆளு, தனி ரூமு, நேரமும் கூட்டிக் குடுக்குறாங்களாம். அவன் ஸ்கூல்ல இருந்து இப்பத்தான் போன் பண்ணுனாங்க."

அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டும்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். நான் தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனேன். ரவையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சுட்ட சனுவின்மக்கின். சூடாக இருந்தது, மணமாக இருந்தது. ஒரு துண்டைக்கூட என்னால் விழுங்க முடியவில்லை.

மாமியின் மகனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. சின்ன வயதிலேயே கண் தெரியாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மேல் வகுப்புக்கு வந்த பிறகு அந்த விடுதியில் தங்கியபடியே பக்கத்திலிருந்த அரசுப் பள்ளிக்குப் போய்ப் படித்தான். சனிக்கிழமைகளில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் எங்கள் சந்துக்கு வருவான். அவனும் நானும் ஒரே வயது. அந்த வருஷம் இரண்டு பேருக்கும் அரசுப் பரீட்சை. பர்மாவில் இப்போது வகுப்புகளின் எண்ணை மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் அதை இன்றும் பத்தாவது பரீட்சை என்றுதான் சொல்கிறோம். அதில் தேறினால்தான் பல்கலைக்கழகம்.

என் சங்கதி வேறு. பிறந்தபோது மூச்சுவிடத் தாமதமாகி, மூளையின் ஒரு பகுதி அடிபட்டுப் போனதாக டாக்டர்கள் சொன்னார்கள். இடது கை எப்போதும் மடங்கியே இருக்கும். பென்சிலைக் கொடுத்தால் பிடிக்காது. வலது கை பிடிக்கும். பிடித்து, மெதுவாக, அழகாக எழுதும். ஒரு பக்கம் தாண்டினால் விரல்கள் இறுகும். அதற்கும் மேலே இழுத்தால் மணிக்கட்டு உள்பக்கம் திரும்பிக்கொண்டு, என் சொல்லைக் கேட்காது. தோள் வரை வலி ஏறும். பிறகு அன்றைக்கு முழுக்க அந்தக் கையால் கரண்டிகூடப் பிடிக்க முடியாது.

என் கையெழுத்தைப் பார்ப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. பர்மிய எழுத்து என்றால் வட்டம் வட்டமாகத்தானே. நான் ஒவ்வொரு வட்டத்தையும் மூடி முடிக்காமல் அடுத்ததற்குப் போகமாட்டேன். ஆரம்பப் பள்ளியில் என் நோட்டை எடுத்து வகுப்பு முழுக்கக் காட்டுவார்கள். எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

அந்த வருஷம் முதல் பருவத் தேர்வில் எந்தத் தாளையும் என்னால் முடிக்க முடியவில்லை. பதில் எல்லாம் தெரியும். பாதிக்கு மேல் வெள்ளைத்தாளாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வகுப்பு ஆசிரியைதான் அப்பாவைக் கூப்பிட்டு, பரீட்சை வாரியத்துக்கு விண்ணப்பம் போடச் சொன்னார். அப்பா லத்தா கடைத்தெருவில் வெங்காயமும் காய்ந்த மிளகாயும் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. பர்மிய மொழியில் வியாபாரக் கடிதம் நன்றாக எழுதுவார். அவரே எழுதினார். என் மகள் இன்ன பள்ளியில் இன்ன வகுப்பில் படிக்கிறாள், கை ஊனம், சொல்வதை எழுத ஒருவரைத் தந்து உதவ வேண்டும் என்று பணிவாக ஒரு பக்கம். அது தலைமை ஆசிரியையின் கையொப்பத்தோடு டவுன்ஷிப் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் வாரியத்துக்கு அனுப்புவார்கள். கூடவே மருத்துவச் சான்று வேண்டும்.

சான்றுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனோம். கூட்டமான கூட்டம். எங்கள் முறை வந்தபோது டாக்டர் களைத்துப் போயிருந்தார். என் இடது கையைத் தூக்கிப் பார்த்தார், வலது கையை விரிக்கச் சொன்னார், பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"பேரும் விலாசமும் எழுது பாப்போம்."

நான் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? முழு மூச்சையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டத்தையும் மூடி. ஒரு புது ஆள் என் எழுத்தைக் கேட்டால் நான் வேறு எப்படி எழுதுவேன்? டாக்டர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் எழுத்தைவிட நல்லா இருக்கே" என்று சிரித்தார். எனக்குக் காது வரை சந்தோஷம். அப்பாவும் சிரித்தார்.

சான்றில் அவர் எழுதியது: இடது கை செயலற்றது, வலது கையால் எழுத முடியும்.

வாரியத்தின் பதில் டவுன்ஷிப் அலுவலகம் வழியாகத் திரும்பி வந்தது. சான்றின்படி மாணவி எழுதக்கூடியவர் என்பதால் எழுதுபவர் வழங்க இயலாது என்று இரண்டே வரி. மாமி தட்டோடு வந்தது அது வந்த அதே வாரத்தில்தான்.

அவனை நான் எத்தனையோ தடவை கைபிடித்துச் சாலை கடத்தியிருக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் சந்து முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது, சாக்கடை எங்கே என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் மேல் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இருந்ததில்லை. அன்று இருந்தது. அவனிடம் யாரும் எதையும் எழுதிக் காட்டச் சொல்லவில்லை. அவன் போய் நின்றால் போதும், பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும். அவன் விடுதிப் பள்ளியில் வருஷா வருஷம் இந்த விண்ணப்பத்தைப் போட்டுப் பழகிய ஆசிரியர்கள் இருந்தார்கள். எதை எழுத வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும், எழுத வருபவர் எந்த வகுப்பில் இருக்க வேண்டும், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எனக்கு இருந்தது வெங்காயக் கடைக் கடிதம் எழுதும் அப்பா. எனக்குக் கண் தெரியாமல் போயிருந்தால் இந்தப் பாடு இருந்திருக்காதே என்றுகூட அன்று நினைத்தேன். நினைத்தபோது பயமாக இல்லை. நியாயமாகவே இருந்தது.

அம்மா அந்தப் பலகாரத்தை எடுத்து நீட்டினாள். "சாப்புடுடி."

"வேணாம்."

"அவன் மேல என்னாடி கோவம் ஒனக்கு?"

"கோவம்லாம் இல்ல."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தட்டை மூடி வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை முதல் நிலைமை இன்னும் மோசமானது. அவனுக்காக எழுதப்போகும் பெண், இரண்டு வகுப்பு கீழே படிப்பவள், ஒத்திகைக்காக அவன் வீட்டுக்கே வரத் தொடங்கினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைச் சுவர். அவன் சொல்வது எனக்கு வரி வரியாகக் கேட்கும். நிறுத்தி நிறுத்திச் சொல்வான். எங்கே நிறுத்தற்புள்ளி, எங்கே புதுப் பத்தி, எல்லாம் சொல்வான். கணக்கு என்றால், "அடைப்பு போடு, உள்ள எக்ஸ், அது மேல சின்னதா ரெண்டு, அடைப்ப மூடு" என்பான். அவள் எங்கேயோ தவறு செய்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவனும் சிரிப்பான். சந்துக்குப் பின்னால் ரயில் கடந்துபோகும்போது மட்டும் எனக்கு அந்தச் சத்தத்திலிருந்து விடுதலை.

நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, என் கையால் என் பதிலை எழுதிக்கொண்டிருப்பேன். அவன் மூன்றாவது கேள்விக்குப் போகும்போது எனக்கு முதல் கேள்வியே முடிந்திருக்காது.

பள்ளியில் எங்கள் தலைமை ஆசிரியையை ஸயாமாஜி என்று கூப்பிடுவோம். பெரிய டீச்சர் என்று அர்த்தம். அதிகம் பேசாத பர்மியப் பெண்மணி. வாரியத்தின் மறுப்பு வந்த பிறகு அப்பா அவரைப் பார்த்து, "போகட்டும் ஸயாமாஜி, அவளால் முடிந்த வரைக்கும் எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதிகாரிகள் ஒரு தடவை இல்லை என்று சொன்னதைத் திரும்பக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஆனால் மறுவாரம் ஸயாமாஜி என்னையும் அம்மாவையும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

மேசைமேல் பதில் தாளும் ஒரு கேள்வித்தாளும் வைத்திருந்தார்.

"உட்கார். பரீட்சை மாதிரி எழுது. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்றார் பர்மியில்.

முதல் பக்கம் எப்போதும் போல. இரண்டாவது பக்கத்தில் வட்டங்கள் திறந்துகொண்டன. எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நிறுத்தச் சொல்லலையே."

"அசிங்கமா வருது ஸயாமாஜி."

"வரட்டும். அதுதான் எனக்கு வேணும்."

எழுதினேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மூன்றாவது பக்கத்தில் என் கை தாளை விட்டு விலகி மேசையில் கோடு இழுத்தது. கண்ணீர் விழுந்து மை பரவியது. என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான ஒரு பக்கத்தை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. அதையும் கடிகாரத்தைப் பார்த்து ஓரத்தில் நேரம் குறித்து, ஸயாமாஜி பத்திரமாக எடுத்து வைத்தார்.

"உனக்கு எழுதத் தெரியுமான்னு டாக்டர் பாத்தார். தெரியும்னு நீ காட்டிட்டே. பரீட்சை மூணு மணி நேரம். மூணு மணி நேரத்துக்கு என்ன ஆகும்னு யாருக்கும் காட்டலையே?"

நான் மடங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பேர் எழுதச் சொன்னா அவ்வளவு அழகா எழுதிக் காட்டுவாங்களா?" என்றார். திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மருத்துவருக்கு அவரே ஒரு கடிதம் கொடுத்தார். மாணவியைத் தொடர்ந்து எழுதவைத்துப் பார்த்து, எவ்வளவு நேரம் எழுத முடிகிறது, அதன்பின் கை என்ன ஆகிறது என்று சான்றில் குறிப்பிட வேண்டுகிறோம் என்று. அதே டாக்டர்தான். கடிதத்தைப் படித்தார். என்னை ஓரமாக உட்காரவைத்து எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். நடுநடுவே எட்டிப் பார்த்தார். கடைசியில் வந்து, மடங்கிப்போன என் மணிக்கட்டைத் தன் கையில் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பொண்ணே" என்றார். இந்த முறை அவர் எழுதியது ஒரு பக்கம் இருந்தது.

இரண்டாவது விண்ணப்பத்தை ஸயாமாஜி தன் அறையில் வாய்விட்டுச் சொல்ல, அப்பா எழுதினார். அந்த அறையில் நடந்ததும் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முதல் கடிதத்திலிருந்த கெஞ்சல் இதில் இல்லை. இன்ன காரணத்தால் முந்தைய முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாணவியால் சில வரிகள் தெளிவாக எழுத முடியும், பரீட்சை நேரம் முழுவதும் எழுத முடியாது. கேட்பது மூன்று: சொல்வதை எழுத மாணவியைவிடக் கீழ் வகுப்பில் படிக்கும் ஒருவர், தனி அறையும் அதற்கொரு கண்காணிப்பாளரும், கூடுதல் நேரம். இணைப்பு: புதிய மருத்துவச் சான்று, நேரம் குறித்த எழுத்து மாதிரி, முதல் பருவத் தேர்வின் முடிக்காத விடைத்தாள்கள். எழுதுபவர் மாணவியின் உறவினர் அல்ல என்று ஒரு வரி.

"என் தங்கச்சி மகள் கீழ் வகுப்புதானே படிக்கிறா, அவளையே போடலாமே" என்றார் அப்பா.

"வேண்டாம். சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா பின்னாடி விடைத்தாளையே சந்தேகப்படுவாங்க" என்றார் ஸயாமாஜி. வேறொரு பள்ளியிலிருந்து ஒரு பெண்ணை அவரே பேசி ஏற்பாடு செய்தார். கல்வி அலுவலகத்துக்கும் தபாலில் போடாமல், அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கொடுத்தார்.

பதிலுக்குக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, மின்சாரம் போயிருந்தது. புழுக்கம் தாங்காமல் சந்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவனும் வெளியே வந்தான். என் மூச்சை வைத்தே நான் இருப்பது அவனுக்குத் தெரியும்.

"ஒன் பேப்பரு வந்துச்சா?"

"இல்ல."

"வரும். எங்க உம்மா தெனமும் துவா கேக்குறாங்க ஒனக்கு."

அது எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. "ஒனக்கென்ன, ஒனக்கு எல்லாம் தானா வந்துரும்" என்றேன். சொன்ன தொனி எனக்கே கேட்டது.

அவன் என் குரல் வந்த பக்கம் திரும்பினான். பிறகு, "நீ எம்மேல பொறாமப்படுற" என்றான்.

"ஆமா."

"எனக்கும் ஒம்மேல பொறாமதான்."

"பொய் சொல்லாத."

"போன வருசப் பரீட்சையில நான் ரெண்டு பக்கத்துக்குப் பதிலு சொன்னேன். எழுதுன பையன் பாதிய முழுங்கிட்டான். வேகமா சொன்னேனாம், விட்டுப்போச்சாம். மார்க்கு வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். ஒனக்கு ஆளு குடுத்தாங்கன்னா, அவ எழுதுறத நீ பாத்துக்கிட்டே இருக்கலாம். தப்புன்னா அங்கனயே சொல்லலாம். நான் என்னா செய்ய? சொல்லிட்டு நம்பணும். மூணு மணி நேரம் நம்பிக்கிட்டே இருக்கணும்."

அதைக் கேட்டு என் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவனுடைய பொறாமைகூட என்னுடையதைவிட உசத்தியாக, நியாயமாக இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். ஆனால் அவனைப்போலக் கண் இல்லாமல் இருந்திருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.

"அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே எழுதுதே, சரியா எழுதுதா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்புடித் தெரியும்?"

"நோட்டக் குடு. நான் பாக்குறேன்."

அவள் எழுதியிருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. இன்னோரிடத்தில் ஒரு சொல் மாறியிருந்தது. அவன் அடுத்த ஒத்திகையில், ஒவ்வொரு பத்தி முடிந்ததும் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிப் பழக்கினான். அதுவும் சுவர் வழியே எனக்குக் கேட்டது.

எனக்கு உத்தரவு வந்தபோது பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. கேட்ட மூன்றும் கிடைத்தன. அப்பா அந்தக் காகிதத்தை லத்தாவுக்குக் கொண்டுபோய்க் கடைக்காரர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

வெயில் கொளுத்தும் மாதத்தில் பரீட்சை. எனக்காக எழுத வந்த பெண் கன்னத்தில் அப்பிய தனக்கா மரப்பட்டைச் சாந்தோடு, என்னைவிடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பாளர் எங்கள் இருவருக்கும் விதியைச் சொன்னார்: நான் சொல்வதை மட்டும் அவள் எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது, யோசனை சொல்லக் கூடாது. முதல் தாள் பர்மிய மொழி. நான் சொல்லத் தொடங்கினேன், அவள் எழுதத் தொடங்கினாள்.

கோழி கிளறியது போன்ற எழுத்து. வட்டம் ஒன்றும் மூடவில்லை. ஆனால் அந்தக் கை ஓடியது. நான் வாக்கியத்தை முடிக்கும்போது அவளும் முடித்திருந்தாள். பேனாவைச் சுழற்றிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். என் பதில், என் சொற்கள், அவளுடைய அந்த அவலட்சணமான எழுத்தில் பக்கம் பக்கமாக நிறைந்தன. அந்தக் கையைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நடுவில் ஒரு எழுத்துப்பிழையைப் பார்த்து, "இங்க திருத்து" என்றேன். அவள் கண்காணிப்பாளரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். திருத்தினாள். அன்று முதல் தடவையாக ஒரு தாளைக் கடைசிக் கேள்வி வரை முடித்தேன். நேரமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாளில் அவளிடம், "கை வலிக்குதா?" என்று பர்மியில் கேட்டேன்.

"இல்லையே, ஏன்?" என்றாள். அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். வீடு வரும் வரை அந்த "ஏன்" உறுத்திக்கொண்டே இருந்தது.

முடிவு வந்த அன்று பள்ளிச் சுவரில் ஒட்டிய பட்டியலில் என் எண் இருந்தது. தேறியிருந்தேன். எந்தப் பாடத்திலும் சிறப்புத் தேர்ச்சி இல்லை. வெறும் தேர்ச்சி. அம்மா அங்கேயே அழுதாள். ஸயாமாஜி தூரத்தில் நின்று ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவனுக்கு இரண்டு பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி. சந்தே கூடிவிட்டது. மாமி எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதார். அவன் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குரலைக் கேட்டு ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் எதிரில் நின்றேன்.

"வந்துட்டியா? பாஸா?"

"பாஸு."

"சிறப்பு?"

"இல்ல. ஒனக்கு எதுல வந்துச்சு?"

"பர்மியிலயும் சரித்திரத்துலயும்."

சரித்திரத்தில் அவனைவிட நான்தான் எப்போதும் கெட்டிக்காரி. வயிறு எரிந்தது. அவனுடைய கண்ணுக்காகவோ, அவனுடைய பள்ளிக்காகவோ, அவனுக்குத் தானாக வந்த உத்தரவுக்காகவோ அந்த எரிச்சல் இல்லை. அவன் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். சந்தில் எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பிள்ளை மேலும் வரக்கூடிய எரிச்சல்.

"சரித்திரத்துல அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

அவன் சொல்லத் தொடங்கினான். நான் நடுவிலேயே மறுத்தேன். மாமி ஆளுக்கொரு கோப்பை ஷர்பத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். நாங்கள் அந்தக் கேள்வியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே குடித்தோம்.